முகம் தெரிந்தும் பெயர் தெரியாதவிடத்து

பழைய மாணவர் கூடும் இடங்களிலெல்லாம் தப்பாமல் எழும் வினா ஒன்று உண்டு. "என்னைத் தெரிகிறதோ?" என்பதே அது. வினவுபவர் முகமலர்ச்சியோடு எதிரே நிற்பார். வினவப்பட்டவர் அவர் முகத்தை அறிவார். வகுப்பிலே அவர் இருந்த வாங்கு எந்தச் சன்னலோரம் என்பதையும் அறிவார். பெயரை மாத்திரம் அறியார். அவ்விருவருக்குமிடையே கழியும் சில நொடிகளில் யாது செய்தல் தகும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தீவகத்தாராகிய எமக்கு இதிலே ஒரு தனிச்சுமை உண்டு. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாய்ப் பெயர்ந்தனர். யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு என்று போனவர்களிற் பலர் பின்னர் கனடா, பிரான்சு, இங்கிலாந்து முதலிய நாடுகளிற் குடியேறினர். அவ்வாறு போன ஒருவர் முப்பது ஆண்டுகளின் பின் ஊருக்கு வருகின்றார். அவர் பிறந்த வீட்டிற்குக் கூரை இல்லை. வேலி இருந்த இடம் தெரியவில்லை. தம்மை இன்னாரென்று அறிந்தவர் ஒருவராவது உளரோ என்று பார்த்துக்கொண்டே அவர் கல்லூரி வாயிலினுட் புகுகின்றார். ஆகவே அவர் கேட்கும் வினாவிற்கு நாம் அளிக்கும் விடை வெறும் உபசாரமாகாது.

அவ்விடையைச் செம்மையாய் அளித்தற்கு, பெயர் ஏன் மறக்கின்றது என்பதை முதலில் அறிதல் நன்று. ஒரு முகத்தைக் கண்டவுடன் எமது உள்ளத்திலே நிகழ்வன ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்கின்றன என்று புரூஸ், யங் என்னும் உளவியலாளர் இருவர் 1986 இல் விளக்கினர். முதலாவது, இம்முகம் முன்பு கண்ட முகம் என்னும் அறிவு. இரண்டாவது, இவர் இன்ன இடத்தவர், இன்ன வகுப்பிலே படித்தவர், இன்னது செய்தவர் என்னும் அறிவு. பெயர் இவ்விரண்டையும் கடந்து கடைசியிலேதான் வருகின்றது. ஆளைப்பற்றிய செய்தி பலவும் நினைவிலிருக்கப் பெயர் மாத்திரம் வாராதிருத்தல் நாள்தோறும் நிகழ்வது. பெயர் நினைவிலிருக்க ஆளைப்பற்றி ஒன்றும் தோன்றாதிருத்தலோ மிக அரிது. எனவே, பெயர் மறந்தமை ஆளை மறந்தமையாகாது. பின்னர் சொல்லப்போவன யாவும் இவ்வொன்றையே அடிப்படையாகக் கொண்டவை.

பெயர் கடைசியில் நிற்பதற்குக் காரணம் அதனிடத்தே பற்றிக்கொள்ள ஒன்றும் இன்மையாகும். 1987 இல் இங்கிலாந்திலே நிகழ்ந்த ஒரு சோதனை இதனைத் தெளிவாக்கிற்று. முன்பின் அறியாத முகங்களைக் காட்டி, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பெயரையும் ஒரு தொழிலையும் கற்பித்தனர். ஆங்கிலத்திலே பேக்கர் என்பது பாண் சுடுபவரையும் குறிக்கும், ஆட்பெயராயும் வழங்கும். அத்தகைய சொற்களையே இருவழியிலும் வைத்துப் பார்த்தபொழுது, தொழிலாகக் கற்றவிடத்து எளிதாய் நினைவுக்கு வந்த அதே சொல், பெயராகக் கற்றவிடத்து எளிதில் வரவில்லை. எமது வழக்கிலே சொல்வதானால், ஒருவர் வைத்தியர் என்பது நினைவில் நிற்கும். வைத்தியராயிராத ஒருவருக்கு வைத்தியலிங்கம் என்று பெயர் என்பது நழுவிவிடும். வைத்தியர் என்றவுடன் மருந்துப் பெட்டியும், காத்திருக்கும் நோயாளரும், கைராசியும் உடன் தோன்றும். பெயருக்கு அத்தகைய சுற்றம் இல்லை.

பள்ளித் தோழர் ஒருவரின் பட்டப்பெயர் ஐம்பது ஆண்டுகள் சென்றும் நினைவிலிருக்க, இடாப்பிலே எழுதிய பெயர் மறைந்துபோதற்கும் இதுவே காரணம். பட்டப்பெயர் நடையையோ, குரலையோ, ஒரு நாள் நடந்த வேடிக்கையையோ பற்றிக்கொண்டு பிறந்தது. ஆதலின் அது முந்திக்கொண்டு நாவிலே வரும். அதனை அங்கேயே நிறுத்திக்கொள்ளல் வேண்டும். மனைவியும் மக்களும் அருகில் நிற்க, அவரே எடுத்துச் சொல்லுமுன் நாம் அப்பட்டப்பெயரால் அழைப்பது, பெயரை மறந்ததிலும் பெரிய பிழையாய் முடியும்.

பெயர் வரவில்லையென்று கண்டவுடன் பலரும் செய்வது, பேச்சைப் பொதுவாய் நடத்திக்கொண்டே உள்ளத்தில் அதனைத் துருவித் தேடுவதாகும். இத்தேடல் பயன் தருவது குறைவு. செல்வராசன் என்பதைத் தேடுமிடத்துச் செல்வநாயகம் என்பது வந்து வழியை மறித்துக்கொள்ளும். அதனைத் தள்ளத் தள்ள அதுவே மீளவும் வரும். இதற்கு மேலும் ஒரு தீங்கு உண்டென்பதைக் கனடாவிலே மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2008 இல் காட்டினர். நாவின் நுனிவரை வந்து நின்றுவிட்ட சொல்லைத் தேடும்படி சிலரைச் சிறிது நேரமும், சிலரை அதனினும் நெடுநேரமும் விட்டு, அதன்பின் விடையைச் சொல்லிக்கொடுத்தனர். இரண்டு நாள் கழித்து மீளவும் கேட்டபொழுது, முன்னர் நெடுநேரம் தவித்தவர்களே அதே சொல்லில் மறுபடியும் அதிகமாய்த் தடைப்பட்டனர். தவிப்பும் ஒரு பயிற்சியாய் அமைந்து, வழி தவறுதலையே உள்ளம் பழகிக்கொள்கின்றது போலும். ஆகவே பெயர் இரண்டு மூன்று நொடியில் வந்திலதாயின், தேடலை விட்டுக் கேட்டு அறிதலே நினைவுக்கும் நல்லது.

கேட்பதற்கு முன் எமது மொழி எமக்கு ஒரு சிறு நிழல் தந்திருக்கின்றது. ஆங்கிலேயர் போன்றோர் சந்தித்தவுடன் பெயர் சொல்லி வாழ்த்துவதை மரியாதையாகக் கொள்வர். எமக்கு அக்கட்டாயம் இல்லை. அண்ணை, தம்பி, அக்கா, பிள்ளை, மாமி, ஐயா என்னும் முறைச்சொற்களே எமக்கு முதல் விளி. மூத்தோரைப் பெயர் சொல்லி அழைப்பது எம்மவரிடையே மரியாதைக் குறைவு. கணவனைப் பெயர் சொல்லாது "இஞ்சாருங்கோ" என்று அழைத்த தலைமுறை இன்னும் எம்மோடு இருக்கின்றது. அழைத்தலை விளிவேற்றுமையெனக் கொண்டு, அதற்கென விளிமரபு என்னும் ஓரியலையே தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்தார்; முறைப்பெயர் விளியேற்கும் விதத்தை அங்கே தனியாகவும் கூறினார். முறைப்பெயர் கொண்டு விளித்தல் தமிழிலே எத்துணைப் பழையது என்பது இதனாற் புலனாகும்.

எனினும் இந்நிழல் நெடுநேரம் நில்லாது. அதற்கு மூன்று எல்லைகள் உள. ஆசிரியர் எவரையும் தம்பி என்றே அழைப்பார் என்பது மாணவர் அனைவரும் அறிந்தது. ஆதலின் அச்சொல் ஒன்றே, "உன்னை அறிவேன்" என்பதற்குச் சான்றாகாது. அடுத்தது, வயதைப் பிழையாய் மதித்தால் முறையும் பிழைக்கும். தலை நரையாத ஒருவரைத் தம்பி என்றழைத்தபின், அவர் எமக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவரென்று தெரியவரும். மூன்றாவதே மிக இடர்ப்படுத்துவது. மூன்றாமவர் ஒருவர் வந்து சேர்ந்து, "இவர் ஆர்?" என்று கேட்டவுடன் முறைச்சொல் உதவாது, பெயர் வேண்டும். எனவே முறைச்சொல்லை ஒரு தோணியாகக் கொள்ளலாம். அது ஒரு நிமிடத் தூரம் எம்மைச் சுமந்து செல்லும். அதற்குள் கரையேறிவிடல் வேண்டும்.

கரையேறுவதாய் எண்ணிப் பலர் கையாளும் வழிகளில் இரண்டை இங்கே ஆராய்வோம். ஒன்று உபாயம், மற்றையது துழாவிக் கேட்டல்.

உபாயங்களுள் எம்மிடையே வழங்குவது தலைப்பெழுத்தைக் கேட்டல். "உம்முடைய இனிசல் என்ன, மறந்துவிட்டேன்" என்றால் அவர் முழுப்பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார் என்பது எண்ணம். சொன்னாலும் சொல்லலாம். "மூனா, சேர்" என்று மாத்திரம் அவர் சொன்னால் எமக்குக் கிடைப்பது அவருடைய தகப்பனாரின் பெயரிலுள்ள முதலெழுத்து ஒன்றே. அவருடைய பெயருக்கு அதனால் ஒரு துணையும் இல்லை. பெயரை அறிந்தவர்போல் ஒரு முறை நடித்தாயிற்று. இனி நேரே கேட்டால் நடிப்பும் வெளிப்படும். உபாயம் தவறுமிடத்து முன்னிருந்த நிலையிலும் கீழான நிலையிலே எம்மை விட்டுவிடுகின்றது.

துழாவிக் கேட்டல் இதனினும் ஆபத்தானது. பெயர் வெளிப்படும் என்னும் நம்பிக்கையில், "அப்பா எப்படி இருக்கிறார்? வீட்டிலே எல்லாரும் சுகமோ? தம்பியார் எங்கே இப்ப?" என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுச் செல்வது அது. வேறு நாடுகளிலே இவை தீங்கற்ற வினாக்களாயிருக்கலாம். எமது பகுதியிலே அவ்வாறல்ல. போரிலே இறந்தவரும் காணாமற்போனவரும் இல்லாத குடும்பங்கள் இங்கே குறைவு. பெயர் தெரியாத ஒருவரிடம் குடும்பத்தைப்பற்றி வினவுவது, விளக்கில்லாமற் கிணற்றடியில் நடப்பதை ஒக்கும். "தம்பியார் எங்கே?" என்ற வினாவிற்கு அவர் விடை கூறாது நிலத்தை நோக்குவாராயின், அதன்பின் பெயர் கிடைத்தென்ன, கிடையாதென்ன? அன்றியும், அவர் தகப்பனாரின் செத்தவீட்டிற்கு நாமே சென்று வந்திருக்கவும் கூடும். அப்படியாயின், "அப்பா சுகமோ?" என்று கேட்டவர் தம்மை மாத்திரமன்றித் தம் தந்தையின் மரணத்தையும் மறந்தவர் என்று அவர் கொள்வார். பெயரை மறந்ததை எவரும் பொறுப்பர். இதனைப் பொறுத்தல் அரிது. ஆதலால் ஒரு விதியாகவே கொள்ளத் தக்கது இது: பெயரை அறியுமுன் குடும்பத்தைக் கேளற்க.

இனிச் செய்யத்தக்கதைக் காண்போம். அதனை ஓர் எடுத்துக்காட்டின்மேல் வைத்து விளக்குதல் எளிது. ஆனி மாதத்திலே நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிற் பெருந்திருவிழா நடைபெறுகின்றது. குறிகாட்டுவான் துறையிலே படகுக்காய் நிற்கும் கூட்டத்துள், இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவரும் நிற்கின்றார் என்று கொள்வோம். ஐம்பதைக் கடந்த ஒருவர், மனைவியும் வளர்ந்த மகளும் உடன்வர, நெருங்கி வந்து கும்பிடுகின்றார்.

"சேர், என்னைத் தெரியுதோ?"

ஆசிரியருக்கு முகம் தெரிகின்றது. இல்லப் போட்டியிலே நெடுந்தூர ஓட்டம் ஓடியவர் என்பதும் தோன்றுகின்றது. பெயர் தோன்றவில்லை. அவர் இவ்வாறு கூறுகின்றார்:

"வாரும், வாரும். முகம் நல்லாய்த் தெரியுது. வெறுங்காலோடை ஓடி முதலாவதாய் வந்தவரல்லோ நீர்! பெயர்தான் நாவிலே வரமாட்டன் எண்டு நிக்குது. சொல்லும்."

"செல்வராசன், சேர். நாரந்தனை."

"செல்வராசன்! ஓம், செல்வராசன். கேத்திரகணிதம் எண்டால் கடைசி வாங்குக்குப் போறவர். எப்ப வந்தனீர்? இவ உம்முடைய மனைவியோ, செல்வராசன்?"

இச்சிறு உரையாடலிலே மூன்று செயல்கள் ஒழுங்காய் நிகழ்ந்துள்ளன. முதலாவது, நினைவிலுள்ளதை முதலிற் கொடுத்தல். ஓட்டத்தைப்பற்றிய சொல் செவியில் விழுந்தவுடனே செல்வராசனுடைய வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. அவர் கேட்டது, "என் பெயரைச் சொல்லமுடியுமோ?" என்பதன்று, "என்னைத் தெரியுதோ?" என்பதே. இம்முறையை மாற்றி, "மன்னிக்கவேணும், பெயர் மறந்துபோச்சு, நீர் ஓட்டக்காரரல்லோ?" என்று தொடங்கினால், முதற்சொல் அவரைச் சுட்டுவிடும், பின்வரும் நினைவு சமாதானம் போலத் தோன்றும். சொற்கள் ஒன்றேயாயினும் முறை மாறப் பயன் மாறுகின்றது.

இரண்டாவது, ஒரே வாக்கியத்தில் நேராய்க் கேட்டல். ஆசிரியர் ஒரு முறை கூறி நிறுத்தினார். "வயது போய்விட்டது, ஒன்றும் நினைவில்லை, என்னைப்போல ஒருவன் இப்படி மறக்கலாமா" என்று நீட்டினாரல்லர். அவ்வாறு நீட்டினால் மறக்கப்பட்டவரே மறந்தவரைத் தேற்றும் கடமைக்கு ஆளாவார். பேச்சு செல்வராசனை விட்டு ஆசிரியருடைய வயதின்மேற் செல்லும். மேலும், "நாவிலே வரவில்லை" என்னும் சொல் உண்மையானது. "உம்மை மறந்துபோனேன்" என்பதோ உண்மையுமன்று, இன்சொல்லுமன்று.

மூன்றாவது, பெயரைப் பெற்றவுடன் திருப்பிச் சொல்லி, அடுத்த வாக்கியங்களிலும் ஒரு முறை வழங்குதல். இதனால் அவர் பெயர் எமது வாயிலிருந்து அவர் செவிக்குப் போய்ச் சேருகின்றது. அவர் எதிர்பார்த்து வந்ததும் அதுவே. எமக்கும் அப்பெயர் நிலைக்கின்றது. ஆயின் மும்முறை அடுக்கிச் சொல்வது கிளிப்பேச்சாய் முடியும். இரு முறை போதும்.

ஆசிரியருக்கு ஓட்டமும் நினைவில் இல்லை, முகமும் நிழலாகவே தோன்றுகின்றது என்று வைத்துக்கொண்டால் யாது செய்வது? அங்கே இல்லாத நினைவைக் கற்பித்தல் ஆகாது. "நீர் நல்லாய்ப் படித்தவரல்லோ" என்பது போன்ற பொதுச்சொல்லை எவரும் எளிதில் இனங்கண்டுகொள்வர். "எங்களுடைய பள்ளிக்கூடப் பிள்ளை எண்டு விளங்குது. எந்த ஆண்டு, எந்த ஊர்? பெயரையும் சொல்லும், நினைவு வரும்" என்பதே தக்கது. ஆண்டும் ஊரும் கேட்பதிலே தீங்கில்லை. எமது நினைவு அவற்றின் வழியாகவே பெரும்பாலும் திறக்கும். சரவணை என்றவுடன் அவ்வூரிலிருந்து வந்த பிள்ளைகள் நால்வர் ஐவர் உள்ளத்தில் வந்து நிற்பர். அவர்களுள் ஒருவர் இவராய் இருப்பார்.

காலம் இதிலே பெரிதும் முதன்மையானது. முதல் நிமிடத்திலே பெயரைக் கேட்பது எளிது. கேட்டதை மறந்துவிடவும் கூடும். கால் மணி நேரம் உரையாடியபின் கேட்டால், அந்தக் கால் மணி நேரமும் நடிப்பாயிருந்ததென்று அவருக்கு வெளிப்படும். அவ்வாறு காலம் கடந்துவிட்டதாயின், விடைபெறும் வேளையிலே ஒரு நேர்வழி எஞ்சியிருக்கின்றது. கைத்தொலைபேசியை அவரிடம் கொடுத்து, "உம்முடைய பெயரையும் இலக்கத்தையும் நீரே இதிலே பதிந்து தாரும், இடாப்பிலே இருந்த முழுப்பெயராய்ப் பதியும்" என்று கேட்கலாம். இது பொய்யுமன்று, உறவைத் தொடர விரும்புவதற்கு அடையாளமுமாகும். முழுப்பெயர் என்று சொல்ல மறத்தல் கூடாது. வீட்டிலே வழங்கும் பெயர் ஒன்று, இடாப்பிலே பெயர் வேறொன்று என்பது எமது வழக்கம். வெளிநாடு சென்றோர் பலர்க்கு அங்குள்ள பத்திரங்களின்படி தகப்பனார் பெயரே தம் பெயர்போல வழங்குவதும் உண்டு. "சிவா" என்று மாத்திரம் பதிந்து தந்தால், எமது தொலைபேசியில் ஏற்கெனவே உள்ள சிவாக்களோடு அவரும் ஒருவராவார்.

இனி, மேலே சுட்டிய மூன்றாவது இடர். செல்வராசனோடு பேசிக்கொண்டிருக்கும்பொழுது வேறொருவர் வருகின்றார். இருவரையும் அறிமுகஞ்செய்தல் வேண்டும். ஒருவர் பெயர் தெரியாது. ஸ்கொத்துலாந்து மக்கள் இத்தடுமாற்றத்துக்கென்றே தார்ற்றில் என ஒரு தனிச்சொல் வைத்திருக்கின்றனர். இது ஓரிடத்துக்கு மாத்திரம் உரியதன்று என்பது அதனால் விளங்கும். இங்கே செய்யத்தக்கது, பெயர் தெரிந்தவரை முதலிற் சொல்லித் தெரியாதவருக்கு வாயிலைத் திறந்துவிடுதல். "இவர் எங்கள் விஞ்ஞான ஆசிரியர் கந்தசாமி. கந்தசாமி, இவர் எங்களுடைய பழைய மாணவர், நல்ல ஓட்டக்காரர்" என்று கூறிச் சிறிது நிறுத்தினால், பெரும்பாலும் அவரே, "செல்வராசன்" என்று கைகூப்புவார். இருவர் பெயரும் தெரியாதவிடத்து, "நீங்கள் இருவரும் இந்தக் கல்லூரியினர், ஆளையாள் அறிந்துகொள்ளுங்கோ" என்று விடலாம். உடன்வரும் மனைவியோடோ, நண்பரோடோ முன்னமே பேசி வைத்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடு. யாரையாவது கண்டு நான் உன்னை அறிமுகஞ் செய்யாது நின்றால், நீயே உன் பெயரைச் சொல்லித் தொடங்கு என்பது உடன்படிக்கை. ஒருவர் தம் பெயரைச் சொன்னால் எதிரே நிற்பவரும் தம் பெயரைச் சொல்லுதல் இயல்பு.

இத்தகைய துணைவரை உரோமர் தொழிலாகவே வைத்திருந்தனர். தேர்தலில் நிற்பவரோடு ஓர் அடிமை நடந்து செல்வான். எதிர்ப்படுவோர் பெயரைத் தலைவன் செவியிலே மெல்ல உரைப்பது அவன் கடமை. கி.மு. 63 இல் மூரேனா என்பவருக்காக வழக்குப் பேசிய சிசரோ, எதிர்த்தரப்பிலிருந்த கேற்றோவை இவ்விடயத்திலே நகைத்தார். உண்மையும் ஒழுக்கமும் பேசும் நீர், பெயர் சொல்லும் ஆளை வைத்துக்கொண்டு, எல்லாரையும் தாமே அறிந்தவர்போல் வாழ்த்துவது எவ்வாறு பொருந்தும் என்பது அவர் வினா. துணையை நாடியதிலே குற்றம் இல்லை. துணையால் அறிந்ததைத் தன்னறிவாய்க் காட்டியதே நகைப்புக்கிடமாயிற்று. எமக்கும் எல்லை அதுவே. "இவர் ஆர்?" என்று அருகில் நிற்பவரைத் தனியே கேட்டு அறியலாம். அறிந்தபின், "உம்மை மறப்பேனா, செல்வராசன்!" என்று சொல்வது அவ்வெல்லையைத் தாண்டுவதாகும்.

மறந்தவர் கடமை பேசினோம். வினவுபவருக்கும் ஒரு கடமை உண்டு. "என்னைத் தெரியுதோ?" என்பது அன்பினாற் பிறந்த வினாவாயினும் அது ஒரு பரீட்சை. அதுவும் முன்னறிவித்தலின்றி நடத்தும் பரீட்சை. அந்த ஆசிரியர் முப்பது ஆண்டுகள் கற்பித்தவராயின், அவர் முன் இருந்து எழுந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்படுவர். அவர்கள் அன்றிருந்த முகமும் இன்றுள்ள முகமும் வேறு. மாணவருக்கோ ஆசிரியர் ஒருவரே. அவர் தோற்றமும் அத்துணை மாறியிராது. வயது செல்லச் செல்ல முந்தி நழுவுவன ஆட்பெயர்களே. அது பொதுவாய் நோய்க்குறியாகாது. நன்கு பழகியவரையே ஆரென்று அறியாதிருத்தல் வேறு. அதற்கு வைத்தியரை நாடல் வேண்டும். ஆகவே முதியோரை நெருங்குபவர், வினாவுக்கு முன் விடையைத் தாமே கொடுத்தல் நன்று: "சேர், நான் செல்வராசன், நாரந்தனை, எண்பத்துநாலாம் ஆண்டு உங்களிடம் கணிதம் படித்தனான்." பெயர், ஊர், ஆண்டு என்னும் இம்மூன்றையும் ஒரே மூச்சிற் சொல்லிவிட்டால், ஆசிரியருடைய உள்ளம் பெயரைத் தேடி அலையாது ஆளை நோக்கி விரையும். "ஓட்டக்காரச் செல்வராசனோ!" என்று அவர் தாமாகவே சொல்லும் சொல், பரீட்சை வைத்துப் பெற்ற விடையினும் இனியதாயிருக்கும்.

கடைசியாக, கேட்டு அறிந்த பெயரை மறுபடி நழுவவிடாமற் காத்தல். ஒருவரிடம் இரண்டாம் முறை பெயர் கேட்பது முதன்முறையிலும் கடினம். லாண்டவர், ப்யோர்க் என்னும் ஆய்வாளர் இருவர், பெயர்களை நினைவில் நிறுத்தும் வகையைச் சோதித்து 1978 இல் வெளியிட்டனர். பெயரை அடுத்தடுத்து உருவேற்றுவதினும், இடையிடையே காலம் விட்டு, அந்த இடைவெளியை வரவர நீட்டி, தானாக நினைவுகூர்ந்து பார்ப்பதே சிறந்தது என்று கண்டனர். குறிகாட்டுவானிலே பெற்ற பெயரைப் படகில் ஏறி அமர்ந்தவுடன் ஒரு முறை நினைத்துப் பார்த்தல் வேண்டும். நயினாதீவுத் துறையில் இறங்கும்பொழுது ஒரு முறை. பூசை முடிந்து திரும்பும்பொழுது ஒரு முறை. அன்றிரவு படுக்குமுன் ஒரு முறை. புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுபோலன்றி, புத்தகத்தை மூடிவைத்து ஒப்புவிப்பதுபோலச் செய்தல் வேண்டும். வராதபொழுது தவித்துத் தேடாமல் உடனே தொலைபேசியை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சூபிலி விழாவிலே வரவேற்பு மேசையில் இருக்கும் மாணவருக்கும் இதனோடொத்த சிறு வேலை ஒன்று உண்டு. வருவோர் நெஞ்சிலே குத்திக்கொள்ளும் அட்டையில் அவர் பெயரைத் தமிழிலே பெரிய எழுத்தில், நாலடித் தூரத்தில் நிற்கும் முதியவரும் கண்ணாடியின்றி வாசிக்கத்தக்கதாய் எழுதுக. அதன்கீழ் ஊரையும் கல்லூரியை விட்டு நீங்கிய ஆண்டையும் எழுதுக. பதவியும் பட்டமும் வேண்டியதில்லை. எவரும் அவற்றைக்கொண்டு எவரையும் நினைவுகூர்வதில்லை. அட்டையை வலப்பக்கத்திலே குத்துவிப்பது நன்று. கைகொடுக்கும்பொழுது அப்பக்கமே எதிரே நிற்பவர் கண்ணுக்கு நேராய் வரும்.